கையில் கொதிக்கும் எண்ணெய் பட்டால்: முதல் நிமிடத்திலிருந்து இரண்டாவது வாரம் வரை

வடை, பஜ்ஜி, முறுக்கு போடும்போது வாணலியில் இருக்கும் எண்ணெயின் சூடு ஏறக்குறைய 170 முதல் 190 டிகிரி செல்சியஸ். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. சூடு அதிகம் என்பதோடு, எண்ணெய் பிசுபிசுப்பானது. வெந்நீர் பட்டால் பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும். எண்ணெய் தோலிலேயே ஒட்டி நின்று, உள்ளே இருக்கும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு கரண்டி எண்ணெய் கூட புறங்கையில் பட்டால் ஆழமாகச் சுடுகிறது. புறங்கையின் தோல் மெல்லியது. அதற்கு நேர் கீழே விரல்களை நீட்டும் தசைநாண்களும் மூட்டுகளும் இருக்கின்றன. உள்ளங்கைத் தோல் தடிமனானது, அது கொஞ்சம் தாங்கும்.

இந்த வழிகாட்டி அந்தப் புறங்கைக் காயத்தைப் பற்றியது. சமையலறையில் பெரும்பாலும் அங்கேதான் எண்ணெய் தெறிக்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை. மருமகள் மெதுவடை தட்டிப் போடும்போது ஒரு வடை கையிலிருந்து நழுவி, உயரத்திலிருந்து எண்ணெயில் விழுகிறது. எண்ணெய் தெறித்து வலது புறங்கையிலும், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேல்பக்கத்திலும் படுகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியதை இவரை வைத்தே பார்ப்போம்.

முதல் ஒரு நிமிடம்

முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். வலியில் கையை உதறும்போது வாணலி கவிழ்வதுதான் இதைவிடப் பெரிய ஆபத்து. பக்கத்தில் யாராவது இருந்தால் அடுப்பை அவர்களிடம் விட்டுவிட்டு நேரே குழாய்க்குப் போகலாம். வாணலியை நகர்த்தவே கூடாது. எண்ணெய் தீப்பிடித்திருந்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து, பொருந்துகிற மூடியால் மூடிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

சேலை முந்தானையோ நைட்டியின் கையோ எண்ணெயில் நனைந்திருந்தால் அதை உடனே விலக்க வேண்டும். துணியில் ஊறிய எண்ணெய் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். சுற்றிலும் கத்தரித்துவிட்டு, ஒட்டிய இடத்தை மருத்துவரிடம் விட்டுவிடலாம்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவோ, சோப்புப் போட்டுத் தேய்க்கவோ நேரம் செலவிட வேண்டாம். தேய்த்தால் வெந்த தோல் உரிந்து வந்துவிடும். ஓடும் தண்ணீர் தானாகவே எண்ணெயைக் கொண்டுபோய்விடும்.

இருபது நிமிடம் தண்ணீர்

இதுதான் மொத்தச் சிகிச்சையில் பெரிய பங்கு. குளிர்ந்த ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைத்து 20 நிமிடம். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நிமிடம் காட்டிவிட்டு, எரிச்சல் குறைந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள். மேல்தோல் குளிர்ந்ததும் எரிச்சல் அடங்கும். ஆனால் சூடு அதற்குள் அடித்தோலுக்கு இறங்கியிருக்கும். அங்கே திசுக்கள் வெந்துகொண்டிருப்பதை நிறுத்தத்தான் இவ்வளவு நேரம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சுட்ட காயத்தோடு வந்த 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் குளிர்வித்த குழந்தைகளுக்குத் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. எந்தக் களிம்புக்கும் இப்படி ஒரு பலன் கிடையாது.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும்? சாதாரணக் குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி போதும். நம் ஊரில் சிக்கலே இதில்தான். சித்திரை, வைகாசி மதியத்தில் மாடித்தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடும். அதனால் காயம்பட்ட கையை நீட்டுவதற்கு முன் மற்றக் கையால் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்காமல், தண்ணீர் கேன், குடம், மண்பானை, சம்ப் என்று எது பக்கத்தில் இருக்கிறதோ அதிலிருந்து சொம்பால் ஊற்றத் தொடங்குங்கள். மெல்லிய தாரையாக நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் 20 நிமிடத்துக்கு ஒரு 20 லிட்டர் கேன் போதும். ஊற்றுகிற தண்ணீர் ஒரு பக்கெட்டில் விழட்டும். வேறு வேலைக்கு ஆகும்.

அதுவும் முடியாத இடத்தில் ஒரு பாத்திரத்தில் சுத்தமான தண்ணீர் வைத்துக் கையை முக்கி, தண்ணீர் சூடேறுவதற்குள் மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஓடும் தண்ணீர் அளவுக்கு இது நல்லதில்லை என்றாலும் செய்யத்தக்கது.

ஐஸ் கட்டி கூடாது. ஐஸ் பட்டால் அந்த இடத்து ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். ஏற்கனவே வெந்து பலவீனமாக இருக்கும் தோலுக்கு ரத்தம் போகாமல் சேதம் ஆழமாகும். ஃப்ரிட்ஜ் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதைத் தொட்டித் தண்ணீரோடு கலந்து, குளிர்ச்சி தெரியும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரின் வேகம் மிதமாக இருக்கட்டும். வலுவாகப் பீய்ச்சினால் கொப்புளம் கிழியும். முடிந்தால் தாரை காயத்துக்குச் சற்று மேலே விழுந்து காயத்தின் மேல் வழிந்து ஓடும்படி பிடியுங்கள். விரலிடுக்குகளிலும் தண்ணீர் போகிறதா என்று பாருங்கள். அங்கேதான் எண்ணெய் தங்கி நிற்கும். குழந்தையாக இருந்தால் கையை மட்டும் நனைத்து, உடம்பை ஒரு துண்டால் போர்த்திவிடுங்கள். இருபது நிமிடத்தில் சிறு குழந்தைக்குக் குளிர் ஏறிவிடும்.

விபத்து நடந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இதுவரை தண்ணீரே காட்டவில்லை என்றாலும் பரவாயில்லை. மூன்று மணி நேரத்துக்குள் எப்போது தொடங்கினாலும் பலன் உண்டு.

தண்ணீரில் இருக்கும்போதே மோதிரம், வளையல், கயிறு

இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கை வீங்க ஆரம்பித்தால் மோதிரம் விரலை இறுக்கி, நுனிக்கு ரத்தம் போவதைத் தடுக்கும். காயம் விரலில் இல்லாமல் புறங்கையில் மட்டும் இருந்தாலும் வீக்கம் விரல் வரை வரும். அதனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறையும், பிள்ளைகளுக்குக் கட்டும் கறுப்புக் கயிறையும் வெட்டிவிட வேண்டும். வேண்டுதல் கயிறு என்று தயங்குவது புரிகிறது. வீங்கிய பிறகு அது இறங்கும் பாடு மோசமானது. அப்புறம் வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம்.

மோதிரம் வரவில்லை என்றால் காயம் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் சோப்பு நுரை வைத்துச் சுழற்றிப் பார்க்கலாம். அப்போதும் வரவில்லை என்றால் பலமாக இழுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே வெட்டி எடுக்கக் கருவி இருக்கும்.

எதையும் பூச வேண்டாம்

நம் மருமகள் குழாயடியில் நிற்கிறார். பின்னாலிருந்து அத்தை வருகிறார். "கொஞ்சம் தோசை மாவு வச்சிருக்கேன், போட்டுவிடட்டுமா? குளுகுளுன்னு இருக்கும்மா." அன்பில்தான் சொல்கிறார். அதில் உண்மையும் இருக்கிறது. மாவு சில்லென்றுதான் இருக்கும். அந்தக் குளிர்ச்சி சில நிமிடம்தான். அதற்குப் பிறகு புளித்த மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் வெந்த தோலின் மேல் தங்கிவிடும், காய்ந்த மாவைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். "வேண்டாம் அத்தை, தண்ணியிலயே வச்சுக்கறேன்" என்பதுதான் சரியான பதில்.

பற்பசையும் இதே கதைதான். அது காய்ந்து ஓடு போலாகிவிடும். மருத்துவர் அதை அகற்றும்போது வரும் வலி காயத்தின் வலியைவிட அதிகம். பேனா மை, மஞ்சள் இரண்டும் தோலின் நிறத்தையே மறைத்துவிடுகின்றன. காயத்தின் ஆழத்தை மருத்துவர் நிறத்தைப் பார்த்துத்தான் கணிக்கிறார். தேங்காய் எண்ணெயும் நெய்யும் சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும். முட்டையின் வெள்ளைக்கரு, உப்பு இரண்டையும் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மருந்துக் கடையில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கும் வெள்ளை நிற சில்வர் சல்ஃபாடயசின் களிம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மருந்துதான். ஆனால் மருத்துவர் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பூசினால் காயத்தின் மேல் ஒரு வெளிறிய படலம் உண்டாகி, ஆழம் தெரியாமல் போகும். அது வேண்டுமா இல்லையா என்பதை அவரே சொல்லட்டும்.

யாராவது ஏற்கனவே எதையாவது பூசிவிட்டார்கள் என்றால் சண்டை போட வேண்டாம். தண்ணீரில் மெதுவாகக் கரைத்து விட்டுவிட்டு, 20 நிமிடக் கணக்கை அப்போது தொடங்குங்கள்.

மூடுவது எப்படி

இருபது நிமிடம் ஆனதும் கையை எடுத்தால் எரிச்சல் திரும்ப வரும். பலர் இங்கேதான் பயந்து எதையாவது பூசுகிறார்கள். தோலின் நரம்பு முனைகளில் காற்று படுவதுதான் இந்த எரிச்சலுக்குப் பெரிய காரணம். மூடினாலே பாதி அடங்கிவிடும்.

உணவுப் பொருளைச் சுற்றும் மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் வீட்டில் இருந்தால் அதுதான் சிறந்தது. சுருளின் முதல் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த பகுதியைக் காயத்தின் மேல் நீளவாக்கில் படுக்க வையுங்கள். கையைச் சுற்றிச் சுற்றி இறுக்கக் கூடாது, ஏனென்றால் கை இன்னும் வீங்கப் போகிறது. அந்தத் தாள் இல்லை என்றால் புதிய, சுத்தமான பாலிதீன் பைக்குள் கையை விட்டு, மணிக்கட்டில் லேசாக ஒட்டிக்கொள்ளலாம். அதில் ஒரு வசதி உண்டு: உள்ளே விரல்களை அசைக்கலாம். இரண்டும் இல்லையென்றால் துவைத்து இஸ்திரி போட்ட பருத்தித் துணி. பஞ்சு மட்டும் வேண்டாம்; அதன் இழைகள் காயத்தில் ஒட்டிக்கொண்டு வராது.

வெந்த இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் ஒரு சிறு துணி மடிப்பு வையுங்கள்.

வலிக்குப் பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு முன் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். குழந்தைக்கு அதன் எடைக்கேற்ற அளவு; பாட்டிலில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

காயத்தைப் பார்த்து என்ன முடிவெடுப்பது

மூடுவதற்கு முன் வெளிச்சத்தில் ஒரு முறை நன்றாகப் பாருங்கள், செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அது மருத்துவருக்கு உதவும்.

பல கையேடுகளில் 'தோல் சிவந்திருக்கும்' என்று போட்டிருப்பார்கள். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் பக்கத்துத் தோலைவிடக் கருத்து, பளபளப்பாக, லேசாகத் தடித்து, தொட்டால் சூடாக இருக்கும். இந்த அளவோடு நின்று, கொப்புளம் எதுவும் வரவில்லை என்றால் மேலோட்டமான காயம். ஒரு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும்.

கொப்புளம் எழும்பினால், அல்லது மேல்தோல் உரிந்து அடியில் ஈரமான இளஞ்சிவப்பு தெரிந்தால், அடித்தோலின் ஒரு பகுதி வெந்திருக்கிறது. மிகவும் வலிக்கும். இங்கே வலி இருப்பது ஒரு விதத்தில் நல்ல செய்தி, ஏனென்றால் நரம்பு முனைகள் உயிரோடு இருக்கின்றன. வெள்ளையாகவோ பழுப்பாகவோ மெழுகு பூசியது போல வறண்டிருந்து, தொட்டால் வலியே தெரியவில்லை என்றால் அதுதான் ஆழமான காயம். வலிக்கவில்லை என்று நிம்மதியாக வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களிடம் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு முன்பே உணர்ச்சி மங்கியிருக்கலாம். கொப்புளம் சிறியதானாலும் அவர்கள் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கையில் கொப்புளம் வந்தால் யாராக இருந்தாலும் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதே அளவு காயம் தொடையில் என்றால் வீட்டிலேயே கட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கையில் தழும்பு சுருங்கினால் விரல் மடங்காது. அதனால்தான் கையில் பட்ட காயம் சிறியதானாலும் தனியாகக் கவனிக்கிறார்கள்.

தாமதிக்காமல் போக வேண்டியவர்கள்: காயம் விரலை வளையம் போலச் சுற்றி இருப்பவர்கள், தங்கள் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்தவர்கள் (அந்த அளவுதான் உடலின் ஏறக்குறைய ஒரு சதவீதம்), சிறு குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், முகத்திலோ கண்ணிலோ எண்ணெய் தெறித்தவர்கள். விரல் நுனி வெளுத்தோ நீலம் பாரித்தோ மரத்துப் போயிருந்தாலும் அப்படித்தான். நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வரவில்லை என்றால் ரத்த ஓட்டம் குறைகிறது.

பெரிய காயமென்றால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ஆம்புலன்ஸ் வரும் வரை தண்ணீர் ஓடட்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மருமகளின் கையில் என்ன தெரிகிறது? இரண்டு விரல்களின் மேல்பக்கத்தில் மூன்று கொப்புளங்கள், புறங்கையில் கருத்த பளபளப்பு. நல்ல வலி. விரல் நுனிகளில் நிறம் சரியாகத் திரும்புகிறது. அவசர ஊர்தி தேவையில்லை. ஆனால் அன்றிரவோ மறுநாள் காலையிலோ மருத்துவரிடம் போக வேண்டும். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்றால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த இரண்டு நாள்

வீக்கம் முதல் இரண்டு நாளில்தான் உச்சத்துக்குப் போகும். கையைத் தொங்கவிடாமல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல், படுக்கும்போதும் அப்படியே.

விரல்களை அசைக்காமல் வைத்திருப்பது தவறு. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை, வலி தாங்கும் அளவுக்கு மெதுவாக மடக்கி நீட்டுங்கள். அசையாத விரல் வீக்கத்தோடு விறைத்துப் போனால் காயம் ஆறிய பிறகும் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். விரல்கள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டியிருந்தால், தனித்தனியாகக் கட்ட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். அதன் மேல்தோல்தான் இப்போதைக்கு இயற்கையான கட்டு. பெரிதாகவோ மூட்டின் மேலோ இருந்தால் அதை என்ன செய்வது என்று மருத்துவர் முடிவு செய்வார். தானே உடைந்துவிட்டால் தொங்கும் தோலைப் பிய்க்காமல், சுத்தமான தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒட்டாத கட்டால் மூடுங்கள். வாஸ்லைன் தடவிய வலைத்துணி மருந்துக் கடைகளில் கிடைக்கும். காயத்தோடு ஒட்டாமல் எடுக்க அது வசதி.

நாளாக நாளாக வலி குறைய வேண்டும். இரண்டு நாளுக்குப் பிறகு வலி கூடினாலோ, காயத்தைச் சுற்றி வீக்கமும் சூடும் பரவினாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். குழந்தைக்குக் காயம் சிறியதாக இருந்தும் காய்ச்சலோடு தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அது கிருமியின் நச்சு உடம்பில் பரவுவதாக இருக்கலாம். அப்போது இரவென்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வாரம்

கொப்புளம் வரை போன காயம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மூடிவிடும். 14-ஆம் நாள் இன்னும் ஈரமாகத் திறந்திருந்தால் அது முதலில் நினைத்ததைவிட ஆழமான காயம். பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரைப் பார்க்கும் நேரம் அது. மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தால் தடித்த தழும்பும் விரல் சுருக்கமும் வரும் வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே போனால் அதைத் தடுக்க வழிகள் உண்டு.

மூடிய பிறகு வரும் புதுத் தோல் வறண்டு அரிக்கும். தேங்காய் எண்ணெய்க்கு இப்போதுதான் இடம். தினமும் இரண்டு மூன்று முறை மெல்லியதாகத் தடவி, விரல் போக்கில் மெதுவாக நீவி விடுங்கள். சில மாதங்களுக்கு அந்த இடம் வெளுத்தோ கருத்தோ இருக்கும். வெயில் பட்டால் கருமை நிலைத்துவிடக்கூடும் என்பதால் வெளியே போகும்போது கையை மூடிக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பச்சை மிளகாய், பூண்டு இவையெல்லாம் அந்தத் தோலை எரிக்கும். அதுவரை அந்த வேலைகளை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும், முடியாவிட்டால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.